ஒரு கிளாஸ் ஆரஞ்சு ஜூஸுக்கு எத்தனை பழம்?

தம்பி, வேலைக்கான செய்முறைத் தேர்வுக்காக நீங்கள் தயாரித்த பான மெனுவைப் பார்த்தேன். 32 பானங்கள், அழகான பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் விலை. உங்கள் அம்மாவும் போன் செய்தார். "ஜூஸ் போடுறதுக்கா மூணு வருஷம் படிச்சான்?" என்பது அவர் கவலை. உங்கள் மெனுவின் முதல் வரியான ஆரஞ்சு ஜூஸை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதிலேயே இரண்டு பேருக்கும் பதில் இருக்கிறது.

ஒரு கிலோ ஆரஞ்சு 100 என்று வைத்து, 240 மில்லி கிளாஸுக்குப் பழச்செலவு 24 என்று போட்டிருக்கிறீர்கள். எந்த ஊர் நாணயமானாலும் சரி, கணக்குக்கு 100 வசதியான எண்தான். ஆனால் ஒரு கிலோ பழத்தில் ஒரு லிட்டர் சாறு வராது. தோல், சக்கை, கொட்டை எல்லாம் குப்பைக்குப் போனபின் பாதிக்கும் குறைவாகத்தான் கிடைக்கும். 420 மில்லி வந்தது என்று வையுங்கள். அப்படியென்றால் 240 மில்லிக்கு ஏறத்தாழ 570 கிராம் பழம் வேண்டும். செலவு 24 அல்ல, 57. கோப்பை, ஸ்ட்ரா எல்லாவற்றுக்கும் 5 சேர்த்தால் 62. நீங்கள் வைத்த விற்பனை விலை 100. பானத்தில் பொருள் செலவு விற்பனை விலையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கும்படி பலர் பார்த்துக்கொள்வார்கள். உங்களுடையது அறுபது சதவீதத்தைத் தாண்டிவிட்டது. சம்பளம், வாடகை, மின்சாரம் எல்லாம் மீதி 38-க்குள் அடங்க வேண்டும்.

இந்த 420-ஐயும் யார் சொன்னாலும் நம்பாதீர்கள், நான் சொன்னாலும்தான். புதிய லோடு வரும்போதெல்லாம் ஒரு கிலோவை எடை போட்டு, பிழிந்து, வடிகட்டி, அளவுக்குவளையில் பாருங்கள். சீசன் கடைசியில் அது 360-க்கு இறங்கலாம். பழத்தின் விலை மாறாமலே 240 மில்லியின் செலவு 57-லிருந்து 67-க்கு ஏறிவிடும். பில்லைப் பார்த்தால் இது தெரியாது. மாதக் கடைசியில் "எங்கேயோ ஒழுகுது" என்று எல்லோரும் தேடிக்கொண்டிருப்பார்கள்.

சரி, விலையை ஏற்றலாமா? ஓரளவு ஏற்றலாம். அதற்கு முன் அதே பழத்தை வேறு விதமாகப் பயன்படுத்திப் பாருங்கள். 300 மில்லி கிளாஸில் 60 மில்லி ஆரஞ்சுச் சாறு, 15 மில்லி எலுமிச்சைச் சாறு, 20 மில்லி சர்க்கரைப் பாகு, மேலே 90 மில்லி சோடா, மீதி இடம் முழுக்க ஐஸ். ஓரத்தில் ஒரு கொத்துப் புதினா. ஆரஞ்சுக்கு 14, எலுமிச்சைக்கு 6, பாகுக்கு 2, சோடாவுக்கு 8, புதினாவுக்கு 1, கோப்பை வகைக்கு 5. மொத்தம் 36. விலை 120 வைத்தால் செலவு சரியாக 30 சதவீதம். கையில் நிற்பது 84. முதல் கிளாஸில் நின்றது 38 மட்டும். வாடிக்கையாளரை ஏமாற்றுகிறோமோ என்று தோன்ற வேண்டாம். இது வேறு பானம், மெனுவில் அப்படித்தான் எழுத வேண்டும். "ஃப்ரெஷ் ஆரஞ்சு ஜூஸ்" என்ற பெயரில் சோடா கலந்து கொடுத்தால்தான் அது ஏமாற்று.

இதுவரை பார்த்தது பாதிக் கணக்கு. மீதிப் பாதி விநாடியில் இருக்கிறது. கூட்ட நேரத்தில் பழம் தீராது, ஆளின் நேரம் தீர்ந்துவிடும். ஆர்டர் வந்தபின் பழத்தை நறுக்கி, பிழிந்து, வடிகட்டிக் கொடுக்க ஒரு கிளாஸுக்கு 90 விநாடி ஆகிறது என்றால், ஒருவர் மணிக்கு 40 கிளாஸ்தான் தர முடியும். 40 தடவை 38 என்றால் 1,520. சோடா ஊற்றும் அந்த இரண்டாவது பானத்தை முன்கூட்டியே கலந்து வைத்து 40 விநாடியில் கொடுத்தால் மணிக்கு 90 கிளாஸ். 90 தடவை 84 என்றால் 7,560. ஆள் அதே ஆள், மணி அதே மணி. வரிசையில் அத்தனை பேர் நிற்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் நிற்கும்போது அவர்களைத் திருப்பி அனுப்பாமல் இருப்பது இந்த 40 விநாடியில் இருக்கிறது.

முன்கூட்டிக் கலப்பதில்தான் பலர் சறுக்குவார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 40 கிளாஸுக்கு 2.4 லிட்டர் ஆரஞ்சு, 600 மில்லி எலுமிச்சை, 800 மில்லி பாகு, மொத்தம் 3.8 லிட்டர். ஆரஞ்சு மட்டும் 5.7 கிலோ வாங்க வேண்டும். நான்கு பாட்டில்களில் ஊற்றி, தேதியும் நேரமும் எழுதி, 5 டிகிரிக்குக் கீழே வையுங்கள். ஒரு கிளாஸுக்கு 95 மில்லி. அந்த அளவுக்கு ஒரே குவளை வைத்துக்கொண்டால், மூன்று முறை அளக்கும் வேலை ஒரு முறையாகிவிடும். சோடாவை இந்தக் கலவையில் சேர்க்கவே கூடாது, வாயு போய்விடும். சில்லென்ற சோடாவைக் கடைசியில், ஐஸ் மேல், மெதுவாக ஊற்றுங்கள். சக்கை அடியில் தங்கும் என்பதால் பாட்டிலை ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். முதல் கிளாஸ் தண்ணியாகவும் கடைசிக் கிளாஸ் கெட்டியாகவும் வந்தால், குலுக்கவில்லை என்று அர்த்தம். புதினாவையும் கலவையில் போடாதீர்கள். கறுத்துப்போகும், கசப்பும் இறங்கும்.

பாகு சுலபம். ஒரு கிலோ சர்க்கரை, ஒரு லிட்டர் தண்ணீர், கரையும் வரை சூடு. ஆனால் அது இரண்டு லிட்டர் ஆகாது, சுமார் 1.6 லிட்டர்தான் வரும். இங்கேயும் அதே தப்பைச் செய்துவிடாதீர்கள்.

சாறு வைத்த அன்றே தீர வேண்டும். எலுமிச்சைச் சாறு மறுநாளைக்கு மணம் போய்க் கசக்கத் தொடங்கும். பத்து கிளாஸ் அளவு மிஞ்சிக் கொட்டினால் நஷ்டம் 220, அதாவது ஏறத்தாழ மூன்று கிளாஸ் விற்றால் கையில் நிற்பது. கூட்டத்தின் நடுவில் தீர்ந்துபோய் நின்று பிழிவதைவிட இது மலிவு. இரண்டு தவணையாகக் கலந்தால் கொட்டுவதும் குறையும்.

அப்புறம் அந்த 32. அதில் 14 பானங்களுக்கு மிக்சி வேண்டும். அரைக்க 45 விநாடி, கழுவ 30 விநாடி என்றால் ஒரு ஜாரில் மணிக்கு 48-க்கு மேல் வராது. அது ஓடும்போது வேறொன்றை ஊற்றலாம்தான். ஆனால் மூன்று பேர் ஒரே நேரத்தில் மிக்சி பானம் கேட்டால் பின்னால் நிற்பவர்கள் எல்லோரும் அந்த ஜாருக்காகக் காத்திருப்பார்கள். எனவே மிக்சி பானம் இரண்டு போதும். மொத்தம் பத்து பானங்கள், நான்கு அடிப்படைக் கலவைகள். ஒவ்வொரு கலவையிலிருந்தும் இரண்டு மூன்று பானங்கள் பிரிய வேண்டும். ஒரே பானத்துக்காக மட்டும் வாங்கும் பழம் மெனுவில் இருந்தால், அதை எடுத்துவிடுங்கள். மூன்றாவது நாள் அது அழுகிக் கிடக்கும்.

அம்மாவிடம் இந்தக் காகிதத்தைக் காட்டுங்கள். ஜூஸ் பிழிய ஆள் கிடைப்பார்கள். 24 என்று எழுதியது ஏன் 57 என்று கண்டுபிடிப்பவரைத்தான் செலவுக் கட்டுப்பாட்டுப் பிரிவில் தேடுவார்கள். படிப்பு அங்கே பயன்படும்.

தேர்வுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. ஒரு கிலோ பழம், தராசு, அளவுக்குவளை, போனில் ஸ்டாப்வாட்ச். மூன்று தடவை பிழிந்து சாற்றின் அளவை எழுதுங்கள். பிறகு ஐஸ் போடுவதிலிருந்து கிளாஸை நீட்டுவது வரை பத்து தடவை நேரம் பாருங்கள். முதல் மூன்றை விட்டுவிட்டு மீதி ஏழின் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எண்களோடு வியாழக்கிழமை வாருங்கள், விலைப் பட்டியலை உட்கார்ந்து போடலாம்.