அழித்த செய்தி அறிவிப்புப் பதிவில் எப்போது சிக்கும், எப்போது சிக்காது

"நேற்று இரவு ஒருவர் வாட்ஸ்அப்பில் அடுத்தடுத்து நாலைந்து செய்திகள் அனுப்பிவிட்டு, நான் பார்ப்பதற்குள் எல்லாவற்றையும் அழித்துவிட்டார். போனிலேயே நோட்டிஃபிகேஷன் ஹிஸ்டரி என்று ஒன்று இருக்கிறது, அதில் படித்துவிடலாம் என்றார்கள். காலையில் தேடிப் பிடித்து ஆன் செய்தேன், காலியாக இருக்கிறது. அழித்த செய்திகளைக் காட்டும் ஆப் ஏதாவது போட்டுக்கொள்ளலாமா?"

நேற்றைய செய்திகள் அந்தப் பக்கத்தில் இனி வராது. அந்த வசதி, ஆன் செய்த நொடிக்குப் பிறகு வரும் அறிவிப்புகளை மட்டுமே குறித்துவைக்கும். அதற்கு முன்னால் வந்துபோனவை எங்கும் எழுதப்படவில்லை, அதனால் எடுத்துக்காட்டவும் எதுவும் இல்லை. ஆப் போட்டாலும் இதே கதைதான். நேற்று அந்த ஆப் உங்கள் போனில் இல்லை என்பதால் அதுவும் நேற்றைய செய்தியைப் பார்த்திருக்க வழியில்லை. "பழைய செய்திகளையும் மீட்டுத் தருகிறோம்" என்று எந்த ஆப் சொன்னாலும் நம்பாதீர்கள்.

இருந்தாலும் ஆன் செய்தது நல்லதுதான், அப்படியே இருக்கட்டும். மற்றவர்களுக்காக வழியைச் சொல்லிவிடுகிறேன். இந்த வசதி ஆண்ட்ராய்டு 11 முதல், அதாவது 2020 முதல் இருக்கிறது. செட்டிங்ஸில் Notifications பகுதிக்குள் Notification history என்று இருக்கும். சாம்சங் போன்களில் அதே பகுதிக்குள் Advanced settings-ஐத் திறந்தால் கிடைக்கும். மற்ற போன்களில் இடம் கொஞ்சம் மாறலாம். செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் பெட்டியில் notification history என்று தட்டிப் பார்ப்பது சுலபம். ஐபோனில் இப்படியொரு பதிவு கிடையாது. அங்கே அறிவிப்பு திரையிலிருந்து போய்விட்டால் போனதுதான்.

இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது தானாகவே விளங்கிவிடும். ஒரு செய்தி உங்கள் போனுக்கு வந்ததும் வாட்ஸ்அப் அதைப் பிரித்துப் படித்து, "இன்னாரிடமிருந்து இந்தச் செய்தி" என்று ஓர் அறிவிப்பைத் தயாரித்து ஆண்ட்ராய்டிடம் கொடுக்கிறது. ஆண்ட்ராய்டு அதைத் திரையில் காட்டும்போதே அந்த வரியைத் தன் பதிவிலும் எழுதிக்கொள்கிறது. பிறகு அனுப்பியவர் 'எல்லோருக்கும் நீக்கு' என்பதைத் தட்டினால், அந்தக் கட்டளை வாட்ஸ்அப்புக்கு வரும். வாட்ஸ்அப் தன் உரையாடலிலிருந்து செய்தியை எடுத்துவிடும், திரையில் நிற்கும் அறிவிப்பையும் விலக்கிவிடும். ஆண்ட்ராய்டு ஏற்கெனவே எழுதிவைத்த வரியை அந்த விலக்கல் தொடுவதில்லை. ஆகவே நீங்கள் அங்கே படிப்பது செய்தியை அல்ல, செய்தி வந்தபோது போட்ட அறிவிப்பின் நகலை. அறிவிப்பில் இருந்தது இருக்கும், இல்லாதது இருக்காது.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். போன் மேசை மேல் கிடக்கிறது, வாட்ஸ்அப் திறந்திருக்கவில்லை, இணையம் ஓடுகிறது. நண்பர் 10.12-க்கு "நாளை கூட்டம் கிடையாது" என்று எழுதுகிறார். 10.13-க்கு ஒரு படம் அனுப்புகிறார். 10.14-க்கு ஏன் கூட்டம் ரத்தானது என்று இருபது வரியில் விளக்குகிறார். 10.20-க்கு மனம் மாறி மூன்றையும் அழித்துவிடுகிறார். நீங்கள் 11 மணிக்கு உரையாடலைத் திறந்தால் செய்தி நீக்கப்பட்டது என்ற குறிப்புகள் மட்டும் தெரியும்.

இப்போது பதிவைத் திறக்கிறீர்கள். மேலே Recently dismissed என்ற பகுதியில், சற்றுமுன் விலக்கப்பட்டவை இருக்கும். அதற்குக் கீழே கடந்த 24 மணி நேரத்தில் வந்தவை ஆப் வாரியாக அடுக்கப்பட்டிருக்கும். வாட்ஸ்அப் என்ற பெயரைத் தட்டி விரித்தால் அதன் வரிகள் நேரத்தோடு வரும். முதல் செய்தி முழுதாகக் கிடைக்கும். படத்துக்குப் பதில், படம் வந்தது என்று சொல்லும் ஒரு சொல்லோ சின்னமோதான் இருக்கும். படத்தோடு ஏதாவது எழுதியிருந்தால் அந்த எழுத்து இருக்கும். குரல் பதிவு, வீடியோ, ஸ்டிக்கர் எல்லாவற்றுக்கும் இதுதான் நிலை. நீளமான விளக்கத்தில் முதல் சில வரிகள் கிடைத்து மற்றவை வெட்டுப்பட்டிருக்கலாம், ஏனென்றால் அறிவிப்புக்குள் வாட்ஸ்அப் எவ்வளவு வைத்ததோ அவ்வளவுதான் ஆண்ட்ராய்டின் கைக்கு வந்தது.

இந்தப் பட்டியலைப் படிக்கும்போது பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஒரே வரி இரண்டு முறை, வேறு வேறு நேரத்தில் இருக்கும். "ஒரே செய்தியை ரெண்டு தடவை அனுப்பி ரெண்டு தடவை அழித்திருக்கிறார்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். உண்மையில் ஒரு உரையாடலுக்கு வாட்ஸ்அப் ஒரே அறிவிப்பை வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பப் புதுப்பிக்கிறது. ஒவ்வொரு புதுப்பிப்பின் போதும் அந்த அறிவிப்பில் கடைசியாக உள்ள செய்தியை ஆண்ட்ராய்டு எழுதிக்கொள்கிறது. நண்பர் மூன்றில் கடைசியானதை மட்டும் அழித்தார் என்று வையுங்கள். அறிவிப்பு புதுப்பிக்கப்படும்போது இப்போது கடைசியாக இருப்பது அதற்கு முந்தைய செய்தி. ஆகவே அது இன்னொரு முறை, அழித்த நேரத்தோடு பதிவாகிவிடலாம். பட்டியலில் உள்ள நேரம் அறிவிப்பு போடப்பட்ட நேரம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, ஒரு வரி முதன்முதலாக எங்கே வருகிறது என்பதை மட்டும் கணக்கில் எடுங்கள். இத்தனை செய்தி வந்திருக்கிறது என்று தொகையை மட்டும் சொல்லும் வரிகளும் நடுவில் வரும், அவற்றை விட்டுவிடலாம்.

அனுப்பியவர் அழிக்காமல் திருத்தினாலும் இதே பதிவு உதவும். வாட்ஸ்அப்பில் செய்தியை அனுப்பிய 15 நிமிடங்களுக்குள் திருத்தலாம். திருத்துவதற்கு முன்பே அறிவிப்பு வந்திருந்தால் பழைய சொற்கள் பதிவில் நின்றுவிடும்.

பதிவு ஆன் ஆகியிருந்தும் ஒன்றும் கிடைக்காத நேரங்கள் உண்டு. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: அறிவிப்பே போடப்படவில்லை. அந்த உரையாடல் உங்கள் திரையில் திறந்திருந்தபோது செய்தி வந்திருந்தால் அறிவிப்பு வராது. அவர் அனுப்பியதும் அழித்ததும் உங்கள் போன் இணையமில்லாமல் இருந்தபோதே நடந்திருந்தால், செய்தி உங்களிடம் வந்து சேரும் முன்பே போய்விட்டது. வாட்ஸ்அப்புக்கோ அந்தக் குழுவுக்கோ அறிவிப்பை நீங்களே அணைத்திருக்கலாம். பூட்டிவைத்த உரையாடல் என்றால், புதுச் செய்தி வந்திருக்கிறது என்ற அளவில் மட்டும் அறிவிப்பு சொல்லும். பதிவிலும் அதுவே இருக்கும். சிக்னல் போன்ற செயலிகளில் அறிவிப்பில் பெயரையும் உரையையும் காட்டாமல் வைக்கும் வசதி இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுத்திருந்தால் அங்கேயும் அப்படித்தான். பூட்டுத்திரையில் மட்டும் உரையை மறைத்துவைப்பது வேறு விஷயம். அது திரையில் காட்டுவதைத்தான் தடுக்கிறது, பதிவைத் தடுப்பதில்லை.

24 மணி நேரம் என்ற எல்லையையும் மறக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை எல்லோருக்கும் நீக்க இப்போது இரண்டு நாளுக்கும் கொஞ்சம் மேல் அவகாசம் உண்டு. ஞாயிறு காலை வந்ததைத் திங்கள் மாலை அழித்தால், நீங்கள் பதிவைத் திறக்கும்போது அந்த வரி காலாவதியாகிப் போயிருக்கும். அழித்தது தெரிந்த உடனே பார்ப்பது அதனால்தான் முக்கியம். வேண்டிய வரி கண்ணில் பட்டால் அப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். அதற்கு முன் போனை ரீஸ்டார்ட் செய்யவும் வேண்டாம்: மேலே உள்ள Recently dismissed பகுதி ரீஸ்டார்ட்டில் காலியாகிவிடும்.

உங்கள் நேற்றைய செய்திகளுக்கு வேறு வழி உண்டா என்றால், ஒன்றை மட்டும் பாருங்கள். போனோடு இணைத்த ஸ்மார்ட் வாட்சோ பேண்டோ கட்டியிருக்கிறீர்களா? போனில் அறிவிப்பு விலகினாலும், சில பேண்டுகள் தங்களிடம் வந்த நகலை நீங்கள் அழிக்கும்வரை வைத்திருக்கும். வாட்ஸ்அப்பின் இரவு பேக்கப்பிலிருந்து மீட்கலாம் என்றும் சிலர் சொல்வார்கள். செய்தி வந்தபிறகு, அழிக்கப்படும் முன் அந்த பேக்கப் எடுக்கப்பட்டிருந்தால் மட்டுமே அது பலிக்கும். அதற்காக வாட்ஸ்அப்பை நீக்கி மறுபடி நிறுவினால் பேக்கப்புக்குப் பிறகு வந்த மற்ற செய்திகளை இழப்பீர்கள். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி ஆப் விஷயம். அழித்ததைக் காட்டும் ஆப்கள் புதிதாக எந்த வித்தையும் செய்வதில்லை. அறிவிப்புகளைப் படிக்கும் அனுமதியை உங்களிடம் வாங்கி, ஆண்ட்ராய்டு தானே செய்யும் அதே நகலெடுப்பைத் தங்கள் கணக்கில் செய்கின்றன. 24 மணி நேரத்துக்கு மேலும் வைத்திருக்கும் என்பதுதான் அவற்றிடம் கூடுதலாகக் கிடைப்பது. அதற்கு நீங்கள் கொடுக்கும் விலையைப் பாருங்கள். அந்த அனுமதி தானாக வாட்ஸ்அப்புக்கு மட்டும் என்று பிரித்து நிற்பதில்லை. வங்கியிலிருந்து வரும் தகவல், மின்னஞ்சலின் முதல் வரி, மற்றவர்கள் உங்களை நம்பி எழுதியது எல்லாமே அதன் கண்முன் ஓடும். ஓடிபி போன்றவற்றை இத்தகைய ஆப்களிடமிருந்து மறைக்கும் பாதுகாப்பை ஆண்ட்ராய்டு 15-தான் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய போன்களில் அதுவும் இல்லை. அந்த ஆப் இணையத்தையும் பயன்படுத்துகிறது என்றால் படித்ததை எங்கே அனுப்புகிறது என்று உங்களால் சொல்லவே முடியாது. ஆகவே போட வேண்டாம் என்பதே என் பதில். முன்பே ஏதாவது போட்டிருந்தால், செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் notification access என்று தேடி, அந்தப் பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து அனுமதியை நீக்குங்கள்.

போனின் சொந்தப் பதிவையும் யோசித்து வைத்துக்கொள்ள வேண்டும். திரையில் 'எல்லாவற்றையும் அகற்று' என்று தட்டினால் அறிவிப்புகள் போய்விட்டதாகத் தோன்றும், ஆனால் பதிவில் ஒரு நாள் முழுக்க இருக்கும். பூட்டுத் திறந்த உங்கள் போன் யார் கையில் இருந்தாலும் அவர் அதைப் படிக்கலாம். உங்களுக்கு ரகசியமாக எழுதுபவரின் செய்தியும் அதில் அடக்கம். போனைப் பழுதுபார்க்கவோ வேறொருவரிடமோ கொடுக்கும் முன் Use notification history என்ற பொத்தானை அணைத்துவிடுங்கள். அணைத்ததுமே அதுவரை எழுதியது மொத்தமும் அழிந்துவிடும். இதே காரணத்தால், ஒரு செய்தியைத் தேடும் நேரத்தில் அந்தப் பொத்தானை ஒருமுறை அணைத்து மீண்டும் போட்டுப் பார்க்காதீர்கள்.