இல்லாத நம்பருக்கும் கேச்சில் ஓர் இடம்

கேள்வி: ரெடிஸ் வைத்தும், இல்லாத ஐடியைக் கேட்டு வரும் ரிக்வெஸ்ட் எல்லாம் டேட்டாபேஸில் போய் விழுகிறது. நெகட்டிவ் கேச் போடவா, ப்ளூம் ஃபில்டர் போடவா?

முதலில் நெகட்டிவ் கேச். அது தாங்காதபோது ஃபில்டர். நானும் அந்த வரிசையில்தான் போனேன், வழியில் அடியும் வாங்கினேன்.

மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு பார்சல் ஆபீஸுக்கு டிராக்கிங் பக்கம் எழுதிக் கொடுத்திருந்தேன். கவுன்டரில் ரசீதைக் கையால் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். கம்ப்யூட்டரில் ஏற்றுவது சாயங்காலம்தான். அதற்குள் வாடிக்கையாளர் ரசீதில் உள்ள எல்.ஆர். நம்பரைப் பத்துத் தடவை தட்டிப் பார்த்துவிடுவார். கேச்சில் வைக்க எதுவும் இல்லாததால் ஒவ்வொரு தடவையும் டேட்டாபேஸ் வரை போய் வெறுங்கையோடு திரும்பும். `keyspace_misses` ஏறுவதை மட்டும் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, கேச் காலாவதியானாலும் அது ஏறும். ஒரு வரிகூடத் திருப்பாத குவெரி எத்தனை என்று எண்ணியபோதுதான் பிடிபட்டது.

'இல்லை' என்பதையே ஒரு குறியாக 10 நிமிஷத்துக்கு வைத்தேன். சுமை இறங்கியது. மறுநாள் போன்: "தம்பி, இப்பத்தான் என்ட்ரி போட்டோம், இன்னும் இல்லைன்னே காட்டுது!" என்ட்ரி போடும்போது குறியை அழித்தால் போதும் என்று நினைத்தேன். போதவில்லை. ஒருவர் டேட்டாபேஸில் 'இல்லை' என்று படித்த கையோடு, இன்னொருவர் என்ட்ரி போட்டுக் குறியையும் அழித்துவிடுகிறார். அதன்பின் முதலாமவரின் பழைய 'இல்லை' வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதனால் இப்படி மாற்றினேன்:

```
SET lr:48213 "-" NX EX 60
SET lr:48213 "<விவரம்>" EX 3600
```

முதல் வரி தேடுபவருடையது. கீ ஏற்கெனவே இருந்தால் `NX` எழுத விடாது. இரண்டாவது, என்ட்ரி கமிட் ஆனதும் எழுதுவது. அழிக்காமல் மேலேயே எழுதிவிடுகிறது.

இது ஒரே நம்பரைத் திரும்பத் திரும்பக் கேட்பவர்களுக்குச் சரி. பிறகு யாரோ ஒரு புண்ணியவான் ஸ்கிரிப்ட் வைத்து வாய்க்கு வந்த நம்பரையெல்லாம் கேட்க ஆரம்பித்தார். ஒவ்வொன்றும் புது நம்பர் என்பதால் குறி உதவவில்லை. போதாக்குறைக்கு 'இல்லை'களே மெமரியை அடைத்து, `allkeys-lru` நிஜ பார்சல்களை வெளியே தள்ளியது.

அப்போதுதான் ப்ளூம் ஃபில்டர்:

```
BF.RESERVE lrs 0.01 1000000
BF.ADD lrs 48213
BF.EXISTS lrs 99999
```

10 லட்சம் நம்பருக்கு, 1% பிழையோடு, கணக்குப்படி ஏறக்குறைய 1.2 எம்.பி. 0 வந்தால் நிச்சயம் இல்லை, அங்கேயே திருப்பி அனுப்பலாம். 1 வந்தால் இருக்கலாம். நூற்றில் ஒரு பொய் நம்பர் இப்படித் தப்பி உள்ளே வரும், அதைப் பழைய 60 விநாடிக் குறி பார்த்துக்கொள்ளும். `BF.ADD`-ஐ டேட்டாபேஸ் கமிட்டுக்கு முன்னாலேயே செய்துவிடுங்கள். பின்னால் செய்து நடுவில் சர்வர் விழுந்தால், இருக்கிற பார்சலை ஃபில்டர் இல்லை என்று சாதிக்கும். போட்டதை எடுக்கவும் முடியாது, அதனால் ஞாயிறு ராத்திரி புதிதாக ஒன்று கட்டி மாற்றுகிறேன். கட்டும் நேரத்தில் வரும் என்ட்ரிகள் இரண்டிலும் ஏற வேண்டும்.