34 × 27: கிராஃப் தாளில் பெருக்கல், கேள்வி பதில்

அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு அம்மா: நாலாம் வகுப்பு மகள் 34 × 27-க்கு 306 என்று எழுதுகிறாள். ஸ்டெப் எல்லாம் மனப்பாடம். எங்கே தப்பு?

34 × 7 = 238 சரியாகப் போட்டிருப்பாள். அடுத்து 34 × 2 = 68. அதை இடம் தள்ளாமல் நேர் கீழே எழுதிக் கூட்டினால் 306. அவளைப் பொறுத்தவரை அந்த 2 வெறும் 2தான், 20 இல்லை.

கடையில் விற்கும் கிராஃப் தாள் ஒன்று வாங்குங்கள். இரண்டு தடித்த கோடுகள் சந்திக்கும் மூலையிலிருந்து தொடங்கி, குறுக்கே 34 சின்னக் கட்டம், கீழே 27 சின்னக் கட்டம் எண்ணி ஒரு செவ்வகம் போடச் சொல்லுங்கள். குறுக்கே 30-இலும் கீழே 20-இலும் கோடு கிழித்தால் நாலு அறை வரும். மேல் வரிசையில் 30 × 20, 4 × 20. கீழ் வரிசையில் 30 × 7, 4 × 7.

முதல் அறைக்கு நிறைய பிள்ளைகள் 60 என்பார்கள். உடனே திருத்தாதீர்கள். அந்த அறைக்குள் தடித்த கோடு சுற்றிய பெரிய சதுரம் எத்தனை என்று எண்ணட்டும்: 6. ஒரு பெரிய சதுரத்துக்குள் சின்னக் கட்டம் 100. ஆகவே 600. ‘சைபரைச் சேர்த்துக்கோ’ என்று சொல்லிக்கொடுத்த விதிக்குக் காரணம் அங்கே கண்ணெதிரே கிடக்கிறது. இந்த ஓர் அறையே 306-ஐத் தாண்டிவிட்டதையும் அவளே பார்க்கட்டும்.

மற்றவை 80, 210, 28. மொத்தம் 918.

ஒரு அப்பா: ரெண்டாவது வரியில் முதலில் ஒரு பெருக்கல் குறி போட்டுட்டு எழுதுன்னு சொல்லிக்கொடுத்தேன். விடை சரியா வருது. அது போதும்தானே?

விடைக்குப் போதும். ஆனால் அந்தக் குறி எந்த எண்ணுக்காக நிற்கிறது என்று பையனைக் கேட்டுப் பாருங்கள். படத்தில் மேல் வரிசை 600 + 80 = 680, கீழ் வரிசை 210 + 28 = 238. நோட்டில் போடும் இரண்டு வரிகளும் இவைதான், வரிசை மட்டும் தலைகீழ். கொஞ்ச நாளைக்குக் குறியை விட்டுவிட்டு 0 எழுதச் சொல்லுங்கள்.

ஏற்காட்டிலிருந்து: எங்க காபித் தோட்டம் சரிவுல இருக்கு, செவ்வகமே இல்ல. இந்தக் கணக்கு எப்படி ஒத்துவரும்?

இது நிலம் அளக்கும் முறை இல்லைங்க. 34 வரிசை, வரிசைக்கு 27 செடி என்றால் தோட்டம் எந்த வடிவில் இருந்தாலும் 918-தான். வரிசைக்கு வரிசை எண்ணிக்கை மாறினால் பெருக்கலே உதவாது, கூட்டத்தான் வேண்டும்.

ஒரு டியூஷன் டீச்சர்: என் மாணவன் 628 என்கிறான். படம் போட்டும் அதே விடை.

600-ஐயும் 28-ஐயும் மட்டும் கூட்டியிருக்கிறான். பத்தைப் பத்தோடு, ஒன்றை ஒன்றோடு பெருக்கினால் முடிந்தது என்று நினைப்பு. கூட்டலில் அப்படித்தானே செய்கிறோம்! கணக்கில் எடுத்த அறைகளுக்கு வண்ணம் அடிக்கச் சொல்லுங்கள். இரண்டு அறை வெள்ளையாக நிற்கும். 80-உம் 210-உம் அங்கேதான்.

அதே டீச்சர்: படத்தை எப்போது நிறுத்தலாம்?

இதில் ஆசிரியர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. 680 எந்த இரண்டு அறை என்று படம் பார்க்காமல் சொன்னால் நான் நிறுத்திவிடுவேன். பரீட்சை வரை வெறும் நாலு அறைப் பெட்டியாவது போடட்டும் என்பவர்களும் உண்டு.