லண்டன்ல டிப்ரஷனுக்கு காளான் குடுக்குறாங்க, அப்போ கொடைக்கானல்ல நாம சாப்பிட்டா என்ன தப்பு?

கேள்வி: டாக்டர், எனக்கு வயசு 29. எட்டு மாசமா எஸ்சிடாலோப்ராம் 10 மில்லிகிராம் போட்டுட்டு இருக்கேன், பாதி தான் சரியாச்சு, காலைல எந்திரிக்கவே மனசு வர மாட்டேங்குது. அடுத்த மாசம் ஃப்ரெண்ட்ஸோட கொடைக்கானல் போறோம், அங்க மேஜிக் மஷ்ரூம் கிடைக்கும்னு சொல்றாங்க. வெளிநாட்டுல டிப்ரஷனுக்கு இத வச்சே ட்ரீட்மென்ட் பண்றாங்கன்னு படிச்சேன். மாத்திரைய ஒரு வாரம் நிறுத்திட்டு ஒரு தடவ ட்ரை பண்ணலாமா? (மாமாவுக்கு, அதாவது அம்மாவோட தம்பிக்கு, லித்தியம் மாத்திரை போகுது, அது இதுக்கு சம்பந்தம் இல்லன்னு நினைக்கிறேன்.)

பதில்: வேண்டாம். இதுல நான் உறுதியா இருக்கேன். ஆனா நீங்க படிச்சது பொய் இல்ல, அதனால அங்கேருந்தே ஆரம்பிக்கிறேன்.

நீங்க படிச்சது பெரும்பாலும் காம்பஸ் பாத்வேஸ்ங்கிற கம்பெனி நடத்துன ட்ரையலா இருக்கும், 2022 நவம்பர்ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வந்துச்சு. மொத்தம் 233 பேர். எல்லாருமே டிப்ரஷனுக்கு ஏற்கனவே மருந்து மாத்தி மாத்தி சாப்பிட்டும் சரியாகாதவங்க. இவங்களுக்கு குடுத்தது காளான் இல்ல, மேஜிக் மஷ்ரூம்ல பிரமை உண்டாக்குற சைலோசைபின்ங்கிற பொருள லேப்ல தயாரிச்சு கேப்ஸ்யூல்ல அடைச்சது. மூணு குரூப்பா பிரிச்சு ஒரு குரூப்புக்கு 25 மில்லிகிராம், இன்னொன்னுக்கு 10, மூணாவதுக்கு வெறும் 1 மில்லிகிராம், அதுவும் ஒரே ஒரு தடவ தான்.

மூணு வாரம் கழிச்சு பார்த்தப்ப 25 வாங்குனவங்கள்ல 37 சதவீதம் பேருக்கு டிப்ரஷன் ஸ்கோர் பாதிக்கு மேல இறங்கியிருந்துச்சு. 1 மில்லிகிராம் குரூப்புல அது 18 சதவீதம். எதுவுமே வேலை செய்யாத ஆளுங்கள்ல இது சின்ன விஷயம் இல்ல, நான் படிச்சப்போ எனக்கே ஆச்சரியமா தான் இருந்துச்சு. ஆனா 12 வாரம் வரைக்கும் அந்த முன்னேற்றத்த தக்க வச்சுக்கிட்டவங்க 25 குரூப்புலயே அஞ்சுல ஒருத்தர் தான், இத யாரும் ரீல்ஸ்ல போட மாட்டாங்க. இன்னொன்னும் இருக்கு. 25 மில்லிகிராம் வாங்குனவங்களுக்கு அரை மணி நேரத்துலயே செவுரு அசையற மாதிரி தெரிய ஆரம்பிச்சிடும், அதனால தனக்கு நிஜ டோஸ் தான் வந்திருக்குன்னு அவங்களுக்கே புரிஞ்சிடும், 1 மில்லிகிராம் வாங்குனவங்களுக்கு ஏமாந்துட்டோம்னு புரிஞ்சிடும். அந்த 37க்கும் 18க்கும் நடுவுல இருக்குற வித்தியாசத்துல மருந்தோட பங்கு எவ்ளோ, எதிர்பார்ப்போட பங்கு எவ்ளோன்னு பிரிச்சுப் பார்க்குறது கஷ்டம், இந்த துறையில இருக்குறவங்களே இதப் பத்தி இன்னும் சண்டை போட்டுட்டு இருக்காங்க.

இப்போ அந்த கேப்ஸ்யூல முழுங்குறதுக்கு முன்னாடி என்னென்ன நடந்துச்சுன்னு பாருங்க, உங்க கேள்விக்கு நிஜ பதில் அதுல தான் இருக்கு. பழைய டிப்ரஷன் மாத்திரைய டாக்டர் மேற்பார்வைல கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு நிறுத்தி, குறைஞ்சது ரெண்டு வாரம் அது உடம்புல இல்லாம இருக்கணும்னு பார்த்தாங்க. மனசு ஒரேயடியா உச்சத்துக்கும் பாதாளத்துக்கும் மாறி மாறி போற பைபோலார், நிஜத்தோட தொடர்பு விட்டுப் போற ஸ்கிசோஃப்ரினியா மாதிரி எதுவும் முன்னாடி இருந்ததான்னு கேட்டு, இருந்தா சேர்க்கல. அப்புறம் தெரபிஸ்ட்டோட பல தடவ பேசி என்ன நடக்கும்னு தயார் பண்ணாங்க. மருந்து குடுத்த அன்னிக்கு ஆறேழு மணி நேரம் தெரபிஸ்ட் பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க. மறுநாளே திரும்ப கூப்பிட்டு பேசுனாங்க.

இவ்ளோ பார்த்து பார்த்து பண்ணியும் நாலுல மூணு பேருக்கு தலைவலி, குமட்டல், தலைசுத்தல்னு ஏதாவது ஒன்னு வந்துச்சு. தற்கொலை எண்ணமோ தன்னை காயப்படுத்திக்குறதோ மூணு குரூப்புலயும் சிலருக்கு இருந்துச்சு. 25 மில்லிகிராம் வாங்கி குணம் தெரியாம போன மூணு பேர் சில வாரம் கழிச்சு தற்கொலை முயற்சி மாதிரியான நிலைமைக்கு போனாங்க. இது கடைசி வழின்னு நம்பி வந்தவங்க, அதுவும் வேலை செய்யலைன்னா மனசு எங்க போகும்னு யோசிச்சுப் பாருங்க. அங்க ஃபோன் பண்ணி விசாரிக்க ஒரு டீம் இருந்துச்சு, கொடைக்கானல் ரூம்லேருந்து திங்கக்கிழமை வேலைக்கு திரும்பி வர்ற உங்களுக்கு யார் இருப்பா?

இனி உங்க விஷயம். முதல்ல அந்த பிராக்கெட்ல போட்ட மாமா. மொத்த லெட்டர்லயும் எனக்கு தூக்கிப் போட்ட வரி அது தான். லித்தியம் பெரும்பாலும் பைபோலாருக்கு தான் குடுப்பாங்க, சில சமயம் சாதா டிப்ரஷனுக்கும் கூடுதலா சேர்ப்பாங்க, அதனால மாமாவுக்கு என்ன பேர் சொல்லி ட்ரீட்மென்ட் நடக்குதுன்னு அம்மாகிட்ட கேளுங்க. அமெரிக்கால ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல நடந்த டிப்ரஷன் ட்ரையல்ல மாமா, சித்தப்பா அளவு சொந்தத்துல பைபோலாரோ, நிஜம் எது பிரமை எதுன்னு புரியாம போற சைக்கோசிஸோ இருந்தாலே ஆள சேர்க்கல. காரணம், இந்த மருந்து மூளைல செரோடோனினோட ஒரு குறிப்பிட்ட ரிசெப்டர வேகமா தூண்டுது, ரத்தத்துலயே அந்த வாட்டம் இருக்குறவங்களுக்கு அது பைபோலாரோட உச்ச நிலையான மேனியாவையோ சைக்கோசிஸையோ கிளப்பி விட்டுடலாம், ஆறு மணி நேரத்துல இறங்க வேண்டியது வாரக்கணக்குல இறங்காம நிக்கலாம். உங்களயே ஒன்னு கேட்டுக்கோங்க: எப்பவாவது நாலஞ்சு நாள் மூணு மணி நேரம் தான் தூங்கி, ஆனாலும் களைப்பே இல்லாம, பேச்சு நிக்காம, காச அள்ளி விட்டுட்டு திரிஞ்சிருக்கீங்களா? ஆமான்னா உங்களுக்கு இருக்குறது சாதா டிப்ரஷன் தானான்னே மறுபடி பார்க்கணும், பாதி தான் குணமாச்சுங்கிறதுக்கு காரணம் கூட அதுவா இருக்கலாம்.

(மாமா பயன்படுத்துற மாத்திரைய யாராவது காளானோட சேர்த்து சாப்பிட்டா ஆபத்து இன்னும் மோசம். லித்தியம் எடுத்துட்டே இந்த மாதிரி சரக்கு சாப்பிட்டவங்க ஆன்லைன்ல எழுதுன அனுபவங்கள ஆராய்ச்சியாளர்கள் தொகுத்தப்ப கிட்டத்தட்ட பாதில வலிப்பு வந்ததா இருந்துச்சு. உங்க குரூப்புல யாராவது லித்தியமோ ட்ராமடால் வலி மாத்திரையோ எடுத்தா அவங்களுக்கும் சொல்லிடுங்க.)

அடுத்தது மாத்திரைய ஒரு வாரம் நிறுத்துறது. எஸ்சிடாலோப்ராம சட்டுனு நிறுத்துனா ரெண்டு மூணு நாள்ல தலைசுத்தல், தூக்கம் கெடுறது, எரிச்சல், தலைக்குள்ள கரன்ட் அடிக்கிற மாதிரி ஒரு ஃபீலிங் வரலாம். அதாவது நீங்க ட்ரிப் போற அன்னிக்கும் அது விடாம இருக்கலாம், அந்த மனநிலைல பிரமை உண்டாக்குற ஒன்ன சாப்பிடுறதுக்கு பிளான் போடுறீங்க. நிறுத்தாம சாப்பிட்டா வேற சிக்கல், அந்த மாத்திரை பல பேருக்கு காளானோட எஃபெக்ட்ட மட்டுப்படுத்திடும், ஒரு மணி நேரம் ஆகியும் ஒன்னும் தெரியலையேன்னு மறுபடி எடுத்து போடுவாங்க, பிரச்சனை அங்க தான் ஆரம்பிக்கும்.

மூணாவது, உங்க கைக்கு வர்ற பொருள். ட்ரையல்ல 25 மில்லிகிராம்னா 25 தான். காளான்ல ஒரு கொத்துக்கும் இன்னொரு கொத்துக்கும், ஏன் ஒரே கொத்துல ஒன்னுக்கும் இன்னொன்னுக்கும் கூட சத்து பல மடங்கு மாறும், பார்த்து சொல்ல வழியே இல்ல. அத விட பெரிய கவலை அது எந்த காளான்ங்கிறது. கலெரினானு ஒரு சின்ன பழுப்பு காளான் இருக்கு, சைலோசைபின் காளான் சிலதோட பார்க்க ஒரே மாதிரி இருக்கும், உள்ள இருக்குறது கல்லீரல அழிக்கிற அமடாக்ஸின். தேன்ல ஊறப் போட்டோ காய வச்சோ குடுத்தா அந்த விஷம் போகாது, அந்த நிலைமைல எந்த நிபுணராலயும் கண்ணால பார்த்து அடையாளம் சொல்லவும் முடியாது. விக்கிறவர் உள்ளூர்க்காரர், அவருக்கு தெரியும்னு சொல்வீங்க. 2022 ஏப்ரல்ல அசாம்ல காட்டுக் காளான சமைச்சு சாப்பிட்டு 13 பேர் செத்துப் போனாங்க, அவங்களும் உள்ளூர்க்காரங்க தான்.

போலீஸ் விஷயம் சுருக்கமா: சைலோசைபின் நம்ம நாட்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தோட பட்டியல்ல இருக்கு. ஆஸ்திரேலியால 2023 ஜூலைலேருந்து அனுமதி வாங்குன மனநல மருத்துவர்கள் எழுதிக் குடுக்கலாம்னு ஆச்சு, அத கொடைக்கானல் செக்போஸ்ட்ல சொல்லி பிரயோஜனம் இல்ல.

அப்போ அந்த மீதி பாதிக்கு என்ன பண்றது? மருந்துக்கு அடங்காத டிப்ரஷன்னு சொல்லணும்னா, குறைஞ்சது ரெண்டு வேற வேற மருந்த சரியான டோஸ்ல, போதுமான வாரம் சாப்பிட்டும் குணம் தெரியாம இருக்கணும். நீங்க இன்னும் ஒரே மருந்துல, 10 மில்லிகிராம்ல இருக்கீங்க, அது 20 வரைக்கும் போகலாம். உங்க டாக்டர்கிட்ட மூணு விஷயம் சொல்லுங்க: எட்டு மாசத்துல பாதி தான் குணம், காலைல தான் ரொம்ப மோசம், மாமாவுக்கு லித்தியம். மூணாவத கேட்டதும் அவர் டோஸ கூட்டுறதுக்கு முன்னாடி உங்ககிட்ட நிறைய கேள்வி கேப்பார், கேக்கலைன்னா நீங்களே ஞாபகப்படுத்துங்க. தைராய்டு, வைட்டமின் பி12 டெஸ்ட் எடுக்கலைன்னா எடுத்துடுங்க. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாத்தப் பழக்குற சிபிடி பேச்சு தெரபி சேர்க்கலாம், மருந்து மாத்தலாம், அதுக்கும் அடங்கலைன்னா மூளைய காந்தத்தால தூண்டுற ஆர்டிஎம்எஸ், கெட்டமைன் மருந்து, மயக்கம் குடுத்து கரன்ட் வச்சு செய்யுற இசிடினு இங்கயே முறையா செய்யக்கூடிய வழிகள் இருக்கு. நடுவுல வாழ வேண்டாம்னு தோணுச்சுன்னா எந்த நேரமும் அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன் டெலி மனஸ் 14416க்கு ஃபோன் போடுங்க, தமிழ்லயே பேசலாம்.

ட்ரிப்புக்கு போங்க, அதுக்கு நான் தடை இல்ல. ஆனா கூட போறவங்க சாப்பிட்டாங்கன்னா, நீங்க தான் தெளிவா இருக்கப் போற ஆள்ங்கிறதால இத தெரிஞ்சுக்கோங்க. பயந்து நடுங்குறவர தனியா விடாதீங்க, பால்கனி, மலை ஓரம், பைக் சாவி மூணும் அவர்கிட்ட வேண்டாம், லைட்ட குறைச்சு மெதுவா பேசுங்க, நாலுலேருந்து ஆறு மணி நேரத்துல பெரும்பாலும் இறங்கிடும். வலிப்பு, நெஞ்சு வலி, உடம்பு கொதிக்கிறது, கட்டுக்கடங்காத ஆவேசம் இருந்தா 108. சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்கு மேல, சில பேருக்கு மறுநாள், வாந்தியும் தண்ணியா பேதியும் ஆரம்பிச்சா அது ஃபுட் பாய்சன்னு ஓஆர்எஸ் குடுத்து படுக்க வச்சிடாதீங்க. அமடாக்ஸின் அப்படி தான் லேட்டா காட்டும், அடுத்த நாள் நல்லாயிட்ட மாதிரி இருக்கும், அந்த நேரத்துல தான் கல்லீரல் உள்ள கெட்டுட்டு இருக்கும். நல்லாயிட்டாலும் கல்லீரல் டெஸ்ட் எடுக்க வசதி இருக்குற பெரிய ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்க, காளான் சாப்பிட்டதயும் எத்தன மணிக்கு சாப்பிட்டாங்கங்கிறதயும் மறைக்காம சொல்லுங்க, மிச்சம் இருந்தா பேப்பர்ல மடிச்சு கையோட எடுத்துட்டுப் போங்க.