முதல் வருடம் 100: எல்லா வரிசையிலும் 100 வருவது ஏன்?

எக்செல்லில் B2 முதல் B6 வரை 2019–2023 விற்பனை இருக்கிறது. 2019-ஐ 100 ஆக்கி மற்றதை மாற்ற ஃபார்முலா போட்டு கீழே இழுத்தால் எல்லாமே 100 என்று வருகிறது. ஏன்?

ஃபார்முலாவில் டாலர் குறி விட்டுப்போயிருக்கும். `=B2/B2*100` என்று எழுதி இழுத்தால் அடுத்த வரிசையில் அது B3/B3 ஆகிவிடும். ஒவ்வொரு எண்ணும் தன்னாலேயே வகுபடுவதால் எங்கும் 100தான். வகுக்கும் எண்ணை, அதாவது இரண்டாவது B2-வை, டாலர் குறி போட்டு நகராமல் நிறுத்த வேண்டும்:

```
=B2/B$2*100
```

C2-வில் இதைப் போட்டு இழுங்கள். உதாரணமாக விற்பனை வரிசையாக 4,80,000, 3,12,000, 4,20,000, 5,40,000, 6,00,000 ரூபாய் என்றால் 100, 65, 87.5, 112.5, 125 என்று வரும். அப்புறம் அட்டவணையை வேறு வரிசைப்படி அடுக்க வேண்டாம். B2-வில் வேறு வருடம் வந்து உட்கார்ந்தால் அதுவே 100 ஆகிவிடும்.

இந்த எண்களைப் படிக்கும்போதுதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். 125 என்றால் 2019-ஐவிட 25% அதிகம், அது சரி. ஆனால் 112.5-லிருந்து 125-க்குப் போனது 12.5% வளர்ச்சி அல்ல, 12.5 புள்ளி. சதவீதம் வேண்டுமானால் 12.5-ஐ 112.5-ஆல் வகுக்க வேண்டும்; சுமார் 11.1% வரும்.

அடிப்படை வருடத்தையும் யோசித்து எடுங்கள். இதே எண்களை ஊரடங்கு வருடமான 2020-லிருந்து தொடங்கினால் 2023-க்கு 192.3 வரும். கணக்கில் பிழை இல்லை, ஆனாலும் விற்பனை கிட்டத்தட்ட இரட்டிப்பானதுபோல் தோன்றும். அதனால் வரைபடத்தின் தலைப்பிலேயே "2019 = 100" என்று எழுதிவிடுங்கள்.