பாதி வாக்கியத்தில் நின்ற கட்டுரைக்கு எத்தனை மார்க்?

"அக்கா, இங்கிலாந்துக்கு வந்து ஏ லெவல் பிள்ளைகளுக்கு வரலாறு எடுக்க ஆரம்பித்து ஆறு வாரம்தான் ஆகிறது. முதல் மாதிரித் தேர்வுத் தாள்கள் திருத்த வந்திருக்கின்றன. ஒரு மாணவியின் கட்டுரை முடிவுரைக்கு முன்னாலேயே, பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டது. அதுவரை எழுதியது நன்றாகவே இருக்கிறது. முன்னுரைக்கு இவ்வளவு, முடிவுரைக்கு இவ்வளவு என்று பிரித்துப் போட்டுப் பழகியவன் நான். இதற்கு இருபதுக்கு எவ்வளவு போடுவது?"

தம்பி, அந்தப் பிரிக்கிற பழக்கத்தை முதலில் ஓரமாக வையுங்கள். நீங்கள் சொல்கிற இருபது மார்க் கட்டுரை பியர்சன் எட்எக்ஸெல் தேர்வு வாரியத்தின் தாளில் வருவது என்றால், அதில் முடிவுரைக்கென்று தனி மார்க் கிடையாது. முன்னுரைக்கும் கிடையாது. ஆகவே "முடிவுரை இல்லை, நாலு மார்க் குறை" என்று குறைப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. ஐந்து லெவல்கள், அதாவது தரப் படிகள், இருக்கின்றன. கட்டுரை முழுவதையும் படித்துவிட்டு, அது எந்த லெவலின் விவரிப்புக்கு மிக நெருக்கமாக நிற்கிறது என்று முடிவு செய்ய வேண்டும். அந்த லெவலுக்குள் எந்த எண் என்பதை அப்புறம் பார்க்கலாம். மூன்றாம் லெவல் 8 முதல் 12 வரை, நான்காம் லெவல் 13 முதல் 16 வரை. உங்கள் தாள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஊசலாடிக்கொண்டிருக்கும்.

நான் வந்த புதிதில் இதே மாதிரி ஒரு தாளுக்கு 9 போட்டேன். துறைத் தலைவர் மறுபடி படித்து 13 ஆக்கினார். எனக்குக் கொஞ்சம் ரோஷம்தான். முடிக்காத பையனுக்கு நான்காம் லெவலா என்று கேட்டேன். அவர் என்னையே கணக்குச் சொல்லச் சொன்னார். சொல்லிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஒரே குறைக்கு மூன்று இடத்தில் கை வைத்திருந்தேன். தீர்ப்பு இல்லை என்று ஒரு தடவை, அமைப்பு சரியில்லை என்று ஒரு தடவை, கடைசியில் ஏதோ அரைகுறையாக இருக்கிறதே என்ற எண்ணத்தில் இன்னொரு தடவை. அந்த மூன்றாவதுதான் மோசம், ஏனென்றால் மார்க் ஸ்கீமில் அப்படி ஒரு வரியே இல்லை.

இருப்பதெல்லாம் நான்கு இழைகள். கேள்விக்குள் இருக்கும் முக்கியப் பிரச்சினைகளை எவ்வளவு அலசியிருக்கிறார், வரலாற்று அறிவு எவ்வளவு துல்லியம், எதை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறார், வாதம் எவ்வளவு ஒழுங்காகப் போகிறது. முடிவுரை இல்லாதது நேராக அடிப்பது மூன்றாவது இழையை மட்டும்தான். ஒட்டுமொத்தத் தீர்ப்புக்கு ஆதாரம் காட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது நான்காம் லெவலின் எதிர்பார்ப்பு. அதே தாளோடு வரும் பொது வழிகாட்டியில், மாணவர் காட்டியதற்கு மார்க் கொடு, விட்டதற்காகத் தண்டிக்காதே என்றும் இருக்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் மாதிரித் தெரியும். முரண் இல்லை. விட்டதற்காக எதையும் கழிப்பதில்லை. ஆனால் விட்டதை எழுதியதாகவும் பாவிப்பதில்லை. அந்த இழை எந்த லெவலில் நிற்கிறதோ அங்கேயே நிற்கும்.

உங்கள் தாளை நான் பார்க்கவில்லை. அந்தப் பையனின் தாளையே எடுத்துக்கொள்கிறேன், நினைவில் நன்றாகப் பதிந்திருக்கிறது. ஜெர்மனியின் வைமர் குடியரசு வீழ்ந்ததற்குப் பொருளாதார நெருக்கடியே முக்கியக் காரணம் என்பதை எந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறீர்கள் என்பது கேள்வி. முன்னுரையில் அவன் நிலைப்பாட்டைச் சொல்லிவிட்டான்: நெருக்கடி தூண்டியது, ஆனால் அரசியலமைப்பின் பலவீனம் இல்லாமல் அது குடியரசைக் கொன்றிருக்காது.

முதல் பத்தியில் 1923இன் பணவீக்கம், 1929இல் தொடங்கிய பெருமந்தம், 1928இல் 12 இடங்கள் வைத்திருந்த நாஜிகள் 1930 செப்டம்பரில் 107 இடங்களுக்குப் போனது. இரண்டாம் பத்தியில் விகிதாசாரப் பிரதிநிதித்துவம், கூட்டணிகள், அவசரச் சட்டங்களுக்கு இடம் கொடுத்த 48ஆம் பிரிவு. 1930 மார்ச்சில் முல்லரின் கூட்டணி அரசு வேலையின்மைக் காப்பீட்டுப் பிரச்சினையில் உடைந்ததைச் சொல்லிவிட்டு, இப்படி எழுதியிருந்தான்: பிரச்சினை பொருளாதாரம்தான், ஆனால் அதை மக்களவையில் தீர்க்க முடியாமல் ப்ரூனிங் அவசரச் சட்டங்களில் ஆட்சி நடத்தியதற்குக் காரணம் அமைப்பு. மூன்றாம் பத்தி ஹிண்டன்பர்க்கையும் பாப்பனையும் பற்றித் தொடங்குகிறது. "1932 ஜூலையில் 230 இடங்கள் பெற்ற நாஜிகள் நவம்பரில் 196க்குக் குறைந்தபோதும்" என்று வந்து, அங்கேயே நின்றுவிட்டது. முற்றுப்புள்ளி கூட இல்லை.

இந்த இடத்தில்தான் திருத்துகிறவரின் கை தடுமாறும். அந்த வாக்கியம் எங்கே போகிறது என்று நமக்குத் தெரியும். வாக்கு குறைந்துகொண்டிருந்த கட்சியின் தலைவரான ஹிட்லரை 1933 ஜனவரி 30 அன்று மேலிடத்துக்காரர்கள் சேர்ந்து சான்சலராக்கினார்கள், ஆகவே பொருளாதாரத் துயரத்தால் வந்த வாக்குகள் மட்டும் ஆட்சியைக் கொடுக்கவில்லை. கட்டுரையின் மிக வலுவான வாதம் அதுவாக இருந்திருக்கும். ஆனால் அவன் அதை எழுதவில்லை, நாம் மனதுக்குள் எழுதிவிட்டோம். பாடம் நடத்திய ஆசிரியருக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம், ஏனென்றால் அந்த வாதத்தை வகுப்பில் சொல்லிக் கொடுத்ததே நாம்தான். நான் செய்வது இது: நின்ற இடத்துக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு மேலே உள்ளதை மட்டும் வைத்து, பாடமே தெரியாத ஒருவருக்கு இதில் என்ன நிரூபணமாகியிருக்கும் என்று கேட்டுக்கொள்வேன். 230, 196 என்ற எண்கள் சரி, எனவே அறிவு இழையில் அவற்றுக்கு மதிப்பு உண்டு. அலசல் இழையில் அந்த அரை வாக்கியத்துக்கு ஒன்றும் கிடையாது.

தீர்ப்பு இழைக்கு வருவோம். முடிவுரை என்ற தலைப்பில் பத்தி இல்லை என்பதால் தீர்ப்பே இல்லை என்று ஆகாது. முன்னுரையில் ஒரு தீர்ப்பு இருக்கிறது. இரண்டாம் பத்தியின் கடைசியில், இரண்டு காரணங்களையும் எடைபோட்டு ஒன்றை மற்றதற்கு மேல் வைத்திருக்கிறான், எதை வைத்து எடைபோட்டான் என்பதும் தெரிகிறது. இதை நான் முதல் தடவை கவனிக்கவே இல்லை. கடைசிப் பக்கத்தில் தேடினேன், இல்லை, விட்டுவிட்டேன். தீர்ப்பைக் கட்டுரை முழுக்கத் தேட வேண்டும். ஆனால் மூன்றாம் காரணத்தை அவன் எடைபோடவே இல்லை, எனவே ஒட்டுமொத்தத் தீர்ப்பு முழுமையாக நிற்கவில்லை. அந்த இழை மூன்றாம் லெவலின் மேல்பகுதி.

அலசல் நான்காம் லெவல், இரண்டு பிரச்சினைகளையும் உண்மையாகவே தோண்டியிருக்கிறான். அறிவும் நான்குதான். அமைப்பு? நிற்கும்வரை ஒழுங்காகப் போகிறது. திடீரென நின்றதற்காக அதைக் கீழே தள்ளினால், தீர்ப்பு இழையில் ஏற்கெனவே கணக்கில் வந்ததை மறுபடியும் எண்ணுகிறோம். ஆக நான்கில் மூன்று இழைகள் நான்காம் லெவலில், ஒன்று அதற்குக் கீழே. கட்டுரை நான்காம் லெவலின் அடியில் உட்காருகிறது, 13.

ஒரு நல்ல முடிவுரை மட்டும் இருந்திருந்தால்? 14, மிஞ்சிப் போனால் 15. மூன்றாம் பத்தியை முடித்துவிட்டு முடிவுரை இல்லாமல் விட்டிருந்தாலும் எனக்கு ஏறக்குறைய அதே 14, 15தான் வந்திருக்கும். அவனுக்கு உண்மையில் நஷ்டம் முடிவுரையால் மட்டும் இல்லை, அந்த 196க்குப் பிறகு வராத அரை வாக்கியத்தாலும்தான். மாணவர்களிடம் இதைச் சொன்னால் ஆச்சரியப்படுவார்கள், முடிவுரை என்றால் ஏதோ மந்திரம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஏற்கெனவே சொன்னதையே திருப்பிச் சொல்கிற முடிவுரையால் ஒரு மார்க் கூட ஏறாத தாள்கள் நிறைய உண்டு.

அதே விடைத்தாள் கட்டில் இன்னொரு தாளும் முடிவுரை இல்லாமல் நின்றிருந்தது. அந்தப் பெண் 1919இலிருந்து ஆண்டுவாரியாகக் கதை சொல்லிக்கொண்டு வந்து 1931இல் நின்றுவிட்டாள். தேதிகள் எல்லாம் சரி. ஆனால் எந்தக் காரணம் பெரியது என்ற பேச்சே எங்கும் இல்லை. முடிவுரையில்தான் சொல்லலாம் என்று வைத்திருந்திருக்கிறாள், நேரம் போய்விட்டது. அவளுக்கு 8. விடுபட்டது இருவருக்கும் ஒன்றுதான், விலை வேறு. அவன் வழியெல்லாம் தீர்ப்பைச் சொல்லிக்கொண்டே வந்தான், அவள் எல்லாவற்றையும் கடைசிக்கு ஒதுக்கினாள். முடிவுரை இல்லாத தாளுக்கு இத்தனை மார்க் குறையும் என்று ஒரு எண்ணை நான் சொல்லாததற்குக் காரணம் இதுதான்.

உங்கள் மாணவி விடைத்தாளின் முதல் பக்கத்தில் திட்டம் போட்டிருக்கிறாளா என்றும் பாருங்கள். சிலர் "முடிவு: அமைப்பு > பொருளாதாரம்" என்று ஒரு வரி குறித்திருப்பார்கள். அடித்திருந்தாலும், அதற்குப் பதில் வேறொன்று எழுதியிருக்காவிட்டால், அதைப் படித்துத்தான் ஆக வேண்டும் என்பது விதி. படியுங்கள், ஆனால் அது வெறும் கூற்று, ஆதாரமில்லாத ஒரு வரி. 13க்கும் 14க்கும் நடுவில் நீங்கள் தயங்கிக்கொண்டிருந்தால் உதவும், லெவலைத் தாண்ட வைக்காது. கடைசி இரண்டு நிமிடத்தில் புள்ளி புள்ளியாகக் குறித்துவிட்டுப் போகிற முடிவுரையையும் நான் இப்படித்தான் பார்க்கிறேன். அதில் ஒரு காரணத்தை இன்னொன்றோடு ஒப்பிடும் "ஏனென்றால்" ஒன்று இருந்தால் மட்டும் கூடுதல் எடை.

உங்கள் மாணவி மேல் இரக்கம் வந்தால் அதை மார்க்கில் காட்டாதீர்கள், குறிப்பில் காட்டுங்கள். எங்கே நின்றது, நின்ற வாக்கியத்துக்கு அடுத்த வரி என்னவாக இருந்திருக்க வேண்டும் என்று அவளையே எழுதச் சொல்லுங்கள், மார்க் இல்லாமல். இரண்டே கால் மணி நேரத்தில் மூன்று விடை என்றால் ஒன்றுக்கு முக்கால் மணி. முந்தைய இரண்டு விடைகளின் நீளத்தைப் பார்த்தாலே நேரம் எங்கே போனது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் முதல் விடை மட்டும் ஒன்றரை மடங்கு நீளமாக இருக்கும்.

கட்டு முழுவதும் முடித்த பிறகு, இந்தத் தாளை மட்டும் எடுத்து, நீங்கள் 12 போட்ட ஒரு முழுக் கட்டுரைக்கும் 14 போட்ட ஒரு முழுக் கட்டுரைக்கும் நடுவில் வைத்து மறுபடி படியுங்கள். 12ஐ விட இது வாதத்தில் மேலானது என்று தோன்றினால், நின்றுபோனது என்பதற்காக அதற்குக் கீழே தள்ள உங்களிடம் காரணம் இல்லை. சந்தேகம் தீராவிட்டால் மார்க்கை மறைத்துத் துறையில் வேறொருவரிடம் கொடுங்கள், எண்ணைச் சொல்லாமல்.