114 வெள்ளி எங்கே போனது? கேட்டரிங் கொட்டேஷனில் கழிவும் வரியும்

கேள்வி: மகளின் திருமண வரவேற்புக்கு கேட்டரிங் கொட்டேஷன் வாங்கியிருக்கிறோம். 500 பேர், தலைக்கு 38 வெள்ளி. 10 விழுக்காடு கழிவு என்று பேசியிருந்தோம். வரியோடு மொத்தம் 20,140 வெள்ளி வருகிறது. அதில் 10 விழுக்காடு 2,014 அல்லவா? 1,900தான் கழித்திருக்கிறார்கள். வரிக்கு முந்திய விலையில் கழிவு போட்டதால் எங்களுக்கு 114 வெள்ளி நஷ்டமா? இன்னொன்று, மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டினால் 500 வெள்ளி குறைப்பார்களாம். அதை எந்த இடத்தில் கழிக்கச் சொல்வது?
– வாசகி, செந்தூல்

பதில்: அம்மா, அந்த 114 வெள்ளி உங்களுக்குச் சேர வேண்டியதுதான். ஆனால் தவறு கழிவில் இல்லை, வரியில் இருக்கிறது. கேட்டரிங்காரரிடம் பேசும்போது இந்த வித்தியாசம் முக்கியம். "கழிவைக் கூட்டுங்கள்" என்று கேட்டால் அவர் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டியிருக்கும். "வரியைச் சரி செய்யுங்கள்" என்று கேட்டால் அவருக்கு ஒரு காசும் குறையாது.

நீங்கள் அனுப்பிய படத்தில் வரிசை இப்படி இருக்கிறது: உணவு 19,000. அதன் கீழே சேவை வரி 6 விழுக்காடு, 1,140. கூட்டுத்தொகை 20,140. அதற்கும் கீழே கழிவு 10 விழுக்காடு, 1,900. கடைசியில் கட்ட வேண்டியது 18,240.

முதலில் கழிவை மட்டும் பார்ப்போம். விழுக்காட்டில் தரும் கழிவை வரிக்கு முன் போட்டாலும் பின் போட்டாலும் கடைசித் தொகை ஒன்றுதான். 19,000-இல் 1,900 கழித்தால் 17,100. அதற்கு 6 விழுக்காடு வரி 1,026. மொத்தம் 18,126. இப்போது உங்கள் வழியில் போடுங்கள்: 20,140-இல் 2,014 கழித்தால் அதே 18,126. இரண்டும் பெருக்கல் கணக்கு என்பதால் எதை முதலில் செய்தாலும் விடை மாறாது. 2,014 என்பது 1,900-ஐ விடப் பெரிய கழிவாகத் தெரிவதற்குக் காரணம், அதில் 114 வெள்ளி நீங்கள் கட்டத் தேவையில்லாத வரி. ஆகவே கழிவு 1,900 என்று எழுதியதில் பிழை கிடையாது.

அப்படியானால் 18,240 எங்கிருந்து வந்தது? முழு விலைக்கு வரி போட்டுவிட்டு, கழிவை மட்டும் வரியில்லாத விலையில் கணக்கிட்டிருக்கிறார்கள். இரண்டு முறைகளில் பாதி பாதி எடுத்துச் சேர்த்தது போல. கழித்துவிட்ட 1,900-க்கும் சேர்த்து 6 விழுக்காடு வரி கேட்டிருக்கிறார்கள், அதுதான் 114. நீங்கள் கண்டுபிடித்த எண்ணும் இதே 114 ஆக வருவது தற்செயல் இல்லை, இரண்டுமே அந்த 1,900-க்கான வரிதான்.

இதைப் பிடிக்க எந்தக் கொட்டேஷனிலும் ஒரே ஒரு வகுத்தல் போதும். வரி என்று எழுதியிருக்கும் தொகையை 0.06-ஆல் வகுத்துப் பாருங்கள். உங்கள் தாளில் 1,140-ஐ வகுத்தால் 19,000 வரும். அதாவது 19,000-க்கு வரி போட்டிருக்கிறார்கள். கழிவு போக நீங்கள் உணவுக்குக் கொடுப்பது 17,100. இந்த இரண்டு எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும். சேவை வரி, சேவைக்கு உண்மையில் வாங்கும் விலையின் மேல்தான். விற்பவரே குறைத்துக்கொண்ட தொகைக்கு வரி கிடையாது.

வரி விகிதத்தில் குழப்பம் வேண்டாம். 2024 மார்ச் 1 முதல் பல சேவைகளுக்கு வரி 8 விழுக்காடாக உயர்ந்தாலும், உணவு, பானம் 6 விழுக்காட்டிலேயே இருக்கிறது. கேட்டரிங்கும் அதில் சேரும். உங்கள் தாளில் 6 என்று போட்டது சரி.

இது வேண்டுமென்றே செய்த ஏமாற்று என்று நான் நினைக்கவில்லை. இத்தகைய தாள்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் கழிவே இல்லாத பழைய எக்ஸெல் தாளில், யாரோ கடைசியில் ஒரு வரிசை சேர்த்து "கழிவு" என்று எழுதியிருப்பார்கள். மேலே இருக்கும் வரிக் கட்டத்தை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். விலை B2-விலும் கழிவுத் தொகை B3-இலும் இருந்தால், வரிக் கட்டத்துக்கு முதல் சூத்திரம் தவறு, இரண்டாவது சரி:

```
=B2*0.06
=ROUND((B2-B3)*0.06,2)
```

என் தங்கை மகள் கல்யாணத்திலும் இதே பிழைதான். விருந்து முடிந்து மூன்று வாரம் கழித்து, ரசீதுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் கண்ணில் பட்டது. அதற்குள் முழுப் பணமும் கட்டியாகிவிட்டது. "கொட்டேஷனில் நீங்கள் கையெழுத்துப் போட்டது இந்தத் தொகைக்குத்தானே" என்றார்கள். அந்தப் பணம் திரும்பி வரவே இல்லை. தாளைக் கையெழுத்துக்கு முன் ஒரு தடவை வகுத்துப் பார்த்திருந்தால் போதும் என்று இன்றும் வருத்தம் இருக்கிறது. நீங்கள் முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிட்டீர்கள். இப்போது திருத்துவது அவர்களுக்கு ஐந்து நிமிட வேலை.

கேட்கும் விதத்தைக் கொஞ்சம் யோசித்துச் செய்யுங்கள். "2,014 கழியுங்கள்" என்று கேட்டு அவரும் தலையாட்டிவிட்டால், தாளில் வரி 1,140 என்றே நிற்கும். நீங்கள் கட்டுவது 18,126-ஆக இறங்கும், உங்களுக்குச் சரிதான். ஆனால் சேவை வரி என்று சொல்லி வாங்கிய பணம் சுங்கத்துறைக்குப் போக வேண்டும். அவர் 1,140-ஐக் கட்டினால் கையில் நிற்பது 16,986. வரியைத் திருத்தியிருந்தால் அதே 18,126-இல் அவருக்கு 17,100 நின்றிருக்கும். இது தெரிந்த கணக்கர் அங்கே இருந்தால் நீங்கள் கேட்டதை மறுத்துவிடுவார், பேச்சு சண்டையாகிவிடும். அதனால் வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்புங்கள்: "கழிவு 1,900 சரி. கழிவு போக விலை 17,100. அதற்கு வரி 1,026 வர வேண்டும், 1,140 வந்திருக்கிறது. திருத்திய கொட்டேஷன் அனுப்புங்கள்." இதற்கு மறுப்பு சொல்ல அவர்களிடம் காரணம் இருக்காது.

அப்புறம் அந்த 500 வெள்ளி. இங்கே கதை மாறுகிறது. விழுக்காட்டுக்கு வரிசை முக்கியமில்லை என்றேன். நிலையான தொகைக்கு முக்கியம். 17,100-இல் 500-ஐக் கழித்து 16,600-க்கு வரி போட்டால் மொத்தம் 17,596. வரியெல்லாம் போட்ட 18,126-இல் கழித்தால் 17,626. வித்தியாசம் 30 வெள்ளி, அதாவது 500-க்கான வரி. ஆகவே இதை வரிக்கு முன் கழிப்பதுதான் உங்களுக்கு லாபம். நீங்கள் எந்த முறையை நஷ்டம் என்று பயந்தீர்களோ அதையே இங்கே நீங்கள் கேட்க வேண்டும்.

இதிலும் கேட்டரிங்காரருக்குப் பெரிய இழப்பு இல்லை. அவர் விட்டுக்கொடுப்பது அந்த 500 மட்டும்தான், 30 வெள்ளி வரியாகப் போக வேண்டியது. ஆனால் பேசும்போது அவர் "மொத்தத்தில் 500 குறைப்போம்" என்று சொல்லியிருந்தால், வரியோடு சேர்த்த மொத்தம் என்றுதான் அவர் மனதில் இருந்திருக்கலாம். அப்படியென்றால் 17,626 நியாயமான தொகைதான். அதனால் "வரிக்கு முன் 500" என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 10 விழுக்காட்டை முதலில் போட்டுவிட்டு அடுத்து 500 என்பதையும் எழுதச் சொல்லுங்கள். வரிசை மாறி, 19,000-இல் முதலில் 500-ஐ எடுத்துவிட்டு 10 விழுக்காடு போட்டால் 16,650 வரும், 50 வெள்ளி கூடுதல்.

ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அந்த 500-ஐக் குறைப்பது கேட்டரிங்காரரே என்றால்தான் இந்தக் கணக்கு. வங்கி அட்டையில் கட்டினால் வங்கி உங்களுக்குத் திருப்பித் தரும் பணம் போன்றவை விலைக் குறைப்பு அல்ல. உணவுக்குக் கேட்டரிங்காரர் உங்களிடம் வாங்கும் விலை மாறவில்லை, ஆகவே வரியும் முழுதாகவே நிற்கும்.

வரவேற்பை ஹோட்டலில் வைத்து உறவினருக்கு அறைகளும் எடுப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே உணவுக்கு 6, அறைக்கு 8 விழுக்காடு. ஹோட்டல் 1,000 வெள்ளி குறைக்கும்போது உணவு விலையிலா அறை விலையிலா குறைக்கிறது என்பதைப் பொறுத்து வரி 60 குறையும் அல்லது 80 குறையும். அதைத் தாளில் பிரித்துக் காட்டச் சொல்ல வேண்டும்.

முன்பணம் கட்டும் முன் கேட்டரிங்காரருடைய சேவை வரிப் பதிவு எண் தாளில் இருக்கிறதா என்றும் பாருங்கள். கேட்டரிங்கில் ஆண்டு வருமானம் 15 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். பதிவு இல்லாதவர் சேவை வரி என்று ஒன்றும் வாங்கக்கூடாது. சுங்கத்துறையின் mysst.customs.gov.my தளத்தில் பதிவைச் சரிபார்க்கலாம். எண் இல்லை, பதிவும் இல்லை என்றால், 1,026 வெள்ளியையே கேள்வி கேட்க வேண்டும், 114-ஐ மட்டுமல்ல.

கடைசியாக, கல்யாண வீட்டில் தலைக்கணக்கு ஏறாமல் இருக்காது. 540 பேரானால் உணவு 20,520, 10 விழுக்காடு போக 18,468, 500 போக 17,968, வரி 1,078.08, மொத்தம் 19,046.08. ரொக்கமாகக் கொடுத்தால் 19,046.10 ஆகும், வங்கி வழி அனுப்பினால் அந்த 8 காசு அப்படியே. கூடுதல் இலைகளுக்கும் 10 விழுக்காடு உண்டு என்று திருத்திய கொட்டேஷனிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த 40 பேருக்கு முழு 38 வெள்ளி கேட்பார்கள்.